டெங்குக் காலத்து வாசகங்கள்: யாழ்ப்பாணத்தில் புதிதாக எழுத வருபவர்களுக்கு

வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் சுகாதாரத் திணைக்களத்தின் டெங்கு வேலையும் தொடங்கிவிடும். படங்கள் எடுத்தாகிவிடும், சுவரொட்டிக்கு அளவு சொல்லிவிடுவார்கள், முகநூலுக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் சின்னச் சின்ன வீடியோக்கள் தயாராகிவிடும். கடைசியில் "இதுகளுக்குப் போட நாலு வசனம் எழுதித் தாங்கோ" என்று வேலை ஒருவரிடம் வந்து சேரும். அவர் பெரும்பாலும் புதிதாக நியமனம் பெற்ற அபிவிருத்தி உத்தியோகத்தராக இருப்பார், அல்லது தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயரெடுத்த ஒருவராக இருப்பார். அப்படி முதன்முதலாக எழுத உட்காருபவருக்காக இதை எழுதுகிறேன். எல்லா நோய்க்கும் எல்லாத் திணைக்களத்துக்கும் பொருந்தும்படி சொல்லப் போனால் ஒன்றுக்கும் உதவாது என்பதால் டெங்குவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எழுதுவதற்கு முன்: குடம்பி எங்கே கிடைத்தது?

பேனையை எடுக்கும் முன் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். "டெங்கு பற்றி என்ன எழுதலாம்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் சுற்றறிக்கையைத்தான் எடுத்துத் தருவார். "போன மழைக்கு எங்கே அதிகமாகக் குடம்பி பிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். வீடு வீடாகப் பார்க்கும்போது எந்தப் பாத்திரத்தில் நுளம்புக் குடம்பி இருந்தது என்று அவர்கள் குறித்து வைப்பது வழக்கம். சீமெந்துத் தொட்டியா, பரலா, பீலியா, ரயரா, எறிந்து கிடக்கும் யோகட் கோப்பையா என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். உங்கள் முதல் வாசகம் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும் பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். பட்டியலில் ரயர் கடைசியில் நின்றால், ரயர்ப் படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அதை ஒதுக்கி வையுங்கள்.

இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. மேலிடத்திலிருந்து வரும் மாதிரி வாசகங்களில் "தண்ணீர் தேங்க விடாதீர்கள்" என்பது எப்போதும் இருக்கும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாடு இது. கிணற்றுத் தண்ணீரை இறைத்துத் தொட்டியில் நிரப்பி வைத்துத்தான் பல வீடுகள் நடக்கின்றன. தீவுப் பகுதிகளில் பவுசர் வரும் நாளில் கிடைக்கும் பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். அந்தச் சனத்திடம் தண்ணீரைத் தேக்காதே என்று சொன்னால், எழுதியவருக்கு இந்த ஊர் தெரியாது என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த வரியையும் வாசிக்க மாட்டார்கள். அவர்கள் தண்ணீர் சேமிக்கத்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, எப்படிச் சேமிப்பது என்று சொல்லும் வாசகமே இங்கே வேலை செய்யும்.

நுளம்பைப் பற்றிக் கொஞ்சம்

வாசகத்தில் வராவிட்டாலும் எழுதுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றி, பாத்திரங்களில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். முட்டையைத் தண்ணீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். கடிப்பது பகலில்தான், அதிலும் காலையிலும் பொழுதுபடும் முன்னரும் அதிகம்.

இதில் ஒவ்வொன்றும் வாசகத்தை மாற்றுகிறது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கிறதென்றால் "தண்ணீரை ஊற்றிவிடுங்கள்" என்பது பாதி வேலைதான். ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் அந்த முட்டைகளுக்கு நாமே தண்ணீர் விட்டதாகிவிடும். ஆகவே தேய்க்க வேண்டும். ஒரு வாரத்தில் நுளம்பாகிவிடும் என்றால் "அடிக்கடி" என்ற சொல் போதாது, "வாரம் ஒருமுறை" என்று சொல்ல வேண்டும். பகலில் கடிக்கிறதென்றால் இரவில் நுளம்புவலைக்குள் படுத்திருக்கும் குடும்பத்தின் படம் டெங்கு வாசகத்துக்குப் பொருந்தாது. பகலில் உறங்கும் குழந்தைக்கு வலை கட்டும் படம் பொருந்தும்.

கடற்கரைப் பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். உப்புக் கலந்த தண்ணீரில் இந்த நுளம்பு வளராது என்று பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. கரையோரத்தில் உவர்நீர் நின்ற இடங்களிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை அது காட்டியது. கைவிட்ட வள்ளங்களும் கிணறுகளும் அந்த வகையில் அடங்கும். குருநகர், பாஷையூர், மயிலிட்டிப் பக்கங்களுக்குப் போகும் சுவரொட்டியில் பூச்சாடிக்குப் பதிலாகக் கரையில் கிடக்கும் பழைய வள்ளத்தைப் போட்டால் பார்ப்பவர் நின்று பார்ப்பார்.

ஒரு வாசகத்தை எழுதிப் பார்ப்போம்

படத்தில் ஒரு கிணற்றடி. பக்கத்தில் மார்பளவு உயரச் சீமெந்துத் தொட்டி, பாதி தண்ணீர், மூடி இல்லை. உங்கள் கைக்கு வந்த மாதிரி வாசகம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

> டெங்கு நோயைக் கட்டுப்படுத்தும் பொருட்டு நுளம்புகள் பெருகக்கூடிய இடங்களை இனங்கண்டு அவற்றை அகற்றுவதற்குச் சகல பொதுமக்களும் தமது பூரண ஒத்துழைப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

இலக்கணத்தில் பிழை இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் இதை வாசித்து முடித்த அம்மா எழுந்து என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார், ஏனென்றால் அவரிடம் ஒன்றும் கேட்கப்படவில்லை. கேட்பவரும் யாரென்று தெரியவில்லை. "கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்ற வினையில் கேட்கிற ஆளே காணாமல் போய்விடுகிறார். "இடங்கள்" என்பது அவருடைய தொட்டிதான் என்று அவருக்குப் படப்போவதும் இல்லை.

முதலில் ஆளையும் பொருளையும் வேலையையும் மட்டும் வையுங்கள்:

> தொட்டியை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

நல்லது, ஆனால் ஏற்கெனவே கழுவுகிறவர்கள் "நாங்கள் கழுவுகிறோமே" என்று விட்டுவிடுவார்கள். அவர்கள் செய்வது பெரும்பாலும் அடியில் சேர்ந்த பாசியைக் கழுவுவது. முட்டை இருப்பது மேலே, சுவரில். எனவே இடத்தையும் காரணத்தையும் சேர்க்க வேண்டும்:

> தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.
> டெங்கு நுளம்பு முட்டையிடுவது அந்தச் சுவரில்தான்.
> வாரம் ஒருமுறை, வீடு கழுவும் நாளில் செய்தால் போதும். பிறகு மூடி வையுங்கள்.

முதல் வரியில் செய்ய வேண்டிய வேலை, இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் எப்போது என்பது. காரணத்தை ஒரு வரியில் சொல்வதை நான் மரியாதை என்றே நினைக்கிறேன். பெரியவர்களிடம் வேலை சொல்லும்போது ஏன் என்றும் சொல்லுவோம். சொல்லாமல் ஏவினால் அதட்டலாகிவிடும்.

"வீடு கழுவும் நாளில்" என்று போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை என்று எழுதத்தான் கை போகும், பல வீடுகளில் வீடு கழுவுவது அன்றுதான். ஆனால் திணைக்களம் பேசுவது எல்லாரோடும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் சோனகதெருவுக்கும் அந்த நாள் பொருந்தாமல் போகலாம். எந்த நாளானாலும் அவரவர் வீட்டில் ஒரு நாள் இருக்கும், அதோடு சேர்த்துவிட்டால் புதிதாக ஒரு வேலை என்ற எண்ணமும் வராது.

கிணற்றுக்கும் இதே வாசகத்தைப் போட முடியுமா என்று ஒருவர் கேட்பார். முடியாது. கிணற்றின் உட்சுவரை வாரம் ஒருமுறை யாரும் தேய்க்கப் போவதில்லை. பாவிக்கும் கிணறென்றால் வலையால் மூடுவது அல்லது குடம்பி தின்னும் மீன் விடுவது, பாவிக்காத கிணறென்றால் பரிசோதகருக்கு அறிவிப்பது என்று அது வேறொரு வாசகம். இரண்டையும் ஒரே படத்தில் நுழைத்தால் இரண்டும் போய்விடும். ஒரு படத்துக்கு ஒரு வேலை.

வினைமுடிவும் விளிப்பும்

"செய்யவும்", "மூடவும்", "அறிவிக்கவும்" என்பது அறிவித்தல் பலகையின் தமிழ். விண்ணப்பப் படிவத்தில் அது சரி, இடம் மிச்சம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. முகம் பார்த்துப் பேச வேண்டிய வாசகத்தில் "செய்யுங்கள்" என்பதே நல்லது. "செய்வோம்" என்பதையும் பலர் விரும்புகிறார்கள், "டெங்குவை ஒழிப்போம்" என்ற மாதிரி. அது ஊர்வலப் பதாகைக்குப் பொருந்தும். தொட்டியைத் தேய்க்கப் போவது வாசிப்பவர் மட்டும்தான், திணைக்களம் வந்து கூடத் தேய்க்கப் போவதில்லை. செய்யாத வேலையில் நம்மைச் சேர்த்துக்கொள்வது கொஞ்சம் போலியாகவே படுகிறது.

விளிப்புக்கு "நீங்கள்", "உங்கள்" போதும். "தாங்கள்", "தங்கள்" என்று போனால் கடிதத் தொனி வந்துவிடும். "பொதுமக்களே" என்று தொடங்கத் தேவையில்லை. யாருக்கென்று தெரிந்தால் அவரையே அழையுங்கள்: "கர்ப்பிணித் தாய்மாரே", "கடை வைத்திருப்பவர்களே", "கட்டட வேலை செய்யும் மேசன்மாரே". மேசன் என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்துக் "கட்டடத் தொழிலாளர்" என்று மாற்றச் சொல்வார்கள். மேசன்மாரை ஊரில் மரியாதையாகக் கூப்பிடும் சொல்லும் அதுதான், விட்டுவிடுங்கள்.

பேச்சுத் தமிழில் "மூடி வையுங்கோ" என்று எழுதலாமா? ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போகும் அறிவித்தலுக்கும், குடும்பநல உத்தியோகத்தர் பேசும் வீடியோவுக்கும் எழுதலாம். அங்கே "வையுங்கள்" என்பதுதான் செயற்கையாக இருக்கும். அச்சில் மட்டும் எழுத்துத் தமிழ் இருக்கட்டும். சொற்கள் ஊர்ச் சொற்களாக இருந்தால் அதுவே நெருக்கம் தரும்: நுளம்பு, பீலி, சிரட்டை, வளவு, குளிசை, தடிமன். "குடம்பி" என்பது பாடப்புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக ஒரு தடவை "தண்ணீரில் நெளியும் சிறு புழு" என்று சேர்த்துவிட்டால் போதும்.

பழி சொல்லும் வரிகளை எடுத்துவிடுங்கள். "உங்கள் அலட்சியம் ஓர் உயிரைப் பறிக்கலாம்" என்பது கேட்க உறைக்கும். ஆனால் அதை வாசிப்பவர்களில் போன மாதம் பிள்ளையை வைத்தியசாலையில் வைத்திருந்த தாயும் இருப்பார். அவருடைய வளவு துப்புரவாகவே இருந்திருக்கலாம். பிள்ளைக்குக் கடித்தது பள்ளிக்கூடத்திலோ ரியூசன் கொட்டகையிலோ இருந்திருக்கலாம். மண்டையோட்டுப் படமும் இதே வகைதான். அதேபோல் "இன்ன ஊரில் டெங்கு அதிகம்" என்று கிராமத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட வேண்டாம். அந்த ஊருக்கு அறிவிக்க வேண்டியதிருந்தால் கிராம அலுவலர் மூலம் அந்த ஊருக்குள் அறிவிக்கலாம். ஊர் பெயரைச் சுவரில் எழுதினால் அது ஊரைப் பற்றிய பேச்சாகிவிடும், தொட்டியைப் பற்றியதாக இருக்காது.

காய்ச்சல் வாசகம்: இங்கேதான் மிகக் கவனம்

தொட்டி வாசகம் பிசகினால் ஒரு தொட்டி கழுவப்படாமல் போகும். காய்ச்சல் வாசகம் பிசகினால் விளைவு வேறு. சொல்ல வேண்டியது மூன்று. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் போக வேண்டும், கர்ப்பிணிகள் முதல் நாளே போக வேண்டும். பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல், நோக் குளிசைகள் கூடாது. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனாக் போன்றவை இரத்தப்போக்கை மோசமாக்கக்கூடும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பாயம் கசிவது அந்த நேரத்தில்தான். வீட்டில் எல்லாரும் "காய்ச்சல் விட்டிட்டுது" என்று ஆறுதல் அடையும் அதே நேரம்.

மூன்றையும் ஒரு படத்தில் போடாமல் மூன்று படங்களாக்குங்கள். மூன்றாவதற்கு இப்படி:

> காய்ச்சல் இறங்கிய பிறகும் இரண்டு நாள் கவனமாகப் பாருங்கள்.
> கடும் வயிற்று நோ, தொடர்ந்த சத்தி, இரத்தக் கசிவு, குளிர்ந்த கை கால், சோர்ந்து உறங்குதல், சலம் குறைதல்:
> இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இலவச அம்புலன்ஸ்: 1990

சத்தி, சலம் என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்கும். "வாந்தி", "சிறுநீர்" என்றாலும் பிழையில்லை, வைத்தியர் எதை விரும்புகிறாரோ அதை விடுங்கள். குளிசையின் அளவை வாசகத்தில் எழுதாதீர்கள். பிள்ளைகளுக்கு அது நிறையைப் பொறுத்தது. ஒரு வரியில் அடங்காது.

இரண்டாவது படத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. வீடியோவில் வரி இப்படி உடைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

> காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுரூபன் குளிசைகளைக் கொடுக்க

இரண்டு செக்கன் கழித்து அடுத்த திரையில் "வேண்டாம்" வருகிறது. அதற்குள் ஒருவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டால், அல்லது முதல் திரையை மட்டும் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால், நாம் கொடுக்கச் சொன்னதாகிவிடும். முகநூலில் நீண்ட பதிவு இடையில் மடங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மறுப்பு வரும் வசனத்தை ஒரே வரியில் அடங்கும்படி சுருக்குங்கள். முடியாவிட்டால் செய்யலாம் என்பதை முதலில் வையுங்கள்:

> காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள்.
> அஸ்பிரின் வேண்டாம். இபுபுரூபன் வேண்டாம்.

இரண்டு தடவை "வேண்டாம்" வருவது அழகில்லைதான். இருக்கட்டும். எங்கே உடைத்தாலும் பொருள் மாறாது.

பூட்டிய வீடுகள்

இது யாழ்ப்பாணத்துக்கே உரிய வாசகம், மேலிடத்து மாதிரியில் இருக்காது. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும், பின்வளவில் தொட்டி திறந்து கிடக்கும், கக்கூசுக் கிண்ணத்தில்கூடத் தண்ணீர் நிற்கும். பரிசோதகர் வாசலோடு திரும்பி வர வேண்டியதுதான். "பூட்டிய வீடுகள் இருந்தால் முறைப்பாடு செய்யுங்கள்" என்று அயலவருக்கு எழுதினால் வேலிச்சண்டைக்கு எண்ணெய் ஊற்றினதாகிவிடும். உரிமையாளரோடு நேரே பேசுங்கள். முகநூலும் வட்ஸ்அப்பும் அவரிடம் போய்ச் சேரும்:

> வெளிநாட்டில் இருக்கிறீர்களா? ஊரில் உங்கள் வீடு பூட்டியிருக்கிறதா?
> மழை தொடங்கும் முன் உறவினர் ஒருவரிடம் சொல்லித் தொட்டியை வெறுமையாக்கித் தேய்த்து, பீலியில் அடைத்த சருகையும் எடுத்துவிடுங்கள்.

இதன் கீழே உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தொலைபேசி இலக்கத்தைப் போடலாம். இலக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் நீங்களே அழைத்துப் பாருங்கள், யாரும் எடுக்காத இலக்கம் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வளவில் நுளம்பு பெருக விட்டால் வழக்குத் தொடர அதில் இடமுண்டு. இதை மறைக்கத் தேவையில்லை, ஆனால் வேண்டுகோளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பரிசோதகர் வீட்டில் கொடுத்துவிட்டு வரும் அறிவித்தலில் தெளிவாக ஒரு வசனமாக இருக்கட்டும். தொட்டிப் படத்தின் கீழ் "தவறினால் வழக்கு" என்று போட்டால் வாசிப்பவர் தொட்டியை மறந்து வழக்கை நினைப்பார், பரிசோதகர் வரும்போது படலையையும் திறக்க மாட்டார்.

படமும் எழுத்துருவும்

வாசகம் சரியாக இருந்து படம் பிழையாக இருந்தால் படம்தான் மனதில் நிற்கும். குப்பை மிதக்கும் வாய்க்காலின் படத்துக்குக் கீழே டெங்கு வாசகம் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அல்லது படத்தை மாற்றக் கேளுங்கள். வாய்க்கால் இல்லாதவர்கள் தங்களுக்கு டெங்கு வராது என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டுப் படமென்றால் படலை இலக்கமும் ஆட்களின் முகமும் தெரியாமல் இருக்கட்டும். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் படம் சம்மதம் வாங்கினாலும் வேண்டாம்.

எழுத்துரு விஷயம் சின்னதுதான், ஆனால் கடைசி நேரத்தில் வேலையைக் கெடுப்பது அதுவே. நமது பணிமனைகளிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து முகநூலில் ஒட்டினால் தமிழ் என்ற சொல் `jkpo;` என்றுதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றிய பிறகு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தடவை வாசியுங்கள், முக்கியமாகக் கொம்பு வரும் எழுத்துகளையும் இலக்கங்களையும். யூனிகோடில் அனுப்பியும் வடிவமைப்பவரின் கணினியில் கொ, கே போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழுவதுண்டு. அதனால் கோப்பை அனுப்பியதோடு விட்டுவிடாமல், அச்சுக்குப் போகும் படத்தையே கைத்தொலைபேசியில் வாங்கிப் பாருங்கள். மும்மொழிச் சுவரொட்டியென்றால் இன்னொன்று: தமிழ் வசனம் அதிக இடம் பிடிக்கும். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள். அதற்கு முன் நீங்களே ஒரு சொல்லைக் குறைத்துக் கொடுங்கள்.

வாசித்துக் காட்டுவதும் ஒப்புதல் வாங்குவதும்

எழுதியதைப் பணிமனைக்குள் மட்டும் காட்டினால் எல்லாரும் நல்லாயிருக்கு என்பார்கள். தாய்சேய் சிகிச்சை நிலையத்தில் முறைக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டுங்கள். வயதான ஒருவரும் இருக்கட்டும். "விளங்குதா?" என்று கேட்க வேண்டாம், மரியாதைக்காக விளங்குது என்றுதான் சொல்வார்கள். படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "அம்மா, இதில் என்ன செய்யச் சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். "தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்க்கச் சொல்லியிருக்கு" என்று வந்தால் அனுப்பலாம். "டெங்கு வராமல் துப்புரவாக இருக்கச் சொல்லுது" என்று வந்தால் முதல் வரியைத் திருத்த வேண்டும்.

அப்புறம் ஒப்புதல். வாசகம் வைத்திய அதிகாரியிடம் போய், சில வேளை அதற்கும் மேலே போய்த் திரும்பும்போது "மேற்படி", "சகல", "பூரண ஒத்துழைப்பு" எல்லாம் உள்ளே வந்திருக்கும். சண்டை பிடிக்க வேண்டாம். அனுப்பும்போதே பழைய வசனத்தை ஒரு பக்கமும் புதியதை மறுபக்கமும் வைத்து, சிகிச்சை நிலையத்தில் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று கீழே எழுதி அனுப்புங்கள். மருத்துவத் தகவலில் வைத்தியர் கை வைத்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். "இரண்டு நாள்" என்பதை அவர் மாற்றினால் அதற்குக் காரணம் இருக்கும். வசனத்தின் நடையில் மட்டும், ஒரே ஒரு தடவை, காரணத்தோடு திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அவர்களும் சுற்றறிக்கைத் தமிழை விரும்பி எழுதுகிறவர்கள் இல்லை, பழக்கம்தான்.

ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு வாசகத்துக்கும் பக்கத்தில் எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று எழுதி வையுங்கள். பூட்டிய வீட்டு வாசகம் செப்டெம்பரிலேயே போக வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஒருவரைப் பிடித்து வேலை செய்விக்க நாள் எடுக்கும். பீலியும் சிரட்டையும் ஒக்டோபரிலிருந்து மழை விடும் வரை. காய்ச்சல் வாசகங்கள் நவம்பரிலிருந்து ஜனவரி வரை அடிக்கடி வர வேண்டும், இங்கே நோயாளர் கூடும் காலம் அது. பெப்ரவரியில் பீலிப் படத்தை இறக்கிவிடலாம். தொட்டிப் படத்தை இறக்காதீர்கள். வெயில் ஏற ஏற வீடுகளில் தண்ணீர் பிடித்து வைப்பது கூடும், மழை இல்லாத மாதங்களில் நுளம்புக்குக் கிடைக்கும் தண்ணீர் அந்தத் தொட்டிகளில்தான் இருக்கும்.